கூட வேலை செய்பவரின் அறிக்கையில் கமெண்ட் எழுதும்போது

“கொழிஞ்சாம்பாறையில் ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் தம்பி ஒருவன், தான் எழுதிய அறிக்கையை கூகுள் டாக்ஸில் எனக்குப் பகிர்ந்திருந்தான். நாற்பது இடத்தில் கமெண்ட்டும் திருத்தமும் போட்டேன். எல்லாமே சரியான திருத்தங்கள்தான். அடுத்த அறிக்கையை எனக்குக் காட்டாமலே மேலே அனுப்பிவிட்டான். குத்திக் காட்டுவது போல இல்லாமல், சேர்ந்து வேலை செய்வது போல இருக்க இதை எப்படி எழுதுவது?”

அந்த ஆவணத்தை மறுபடி திறந்து, உங்கள் ஒவ்வொரு கமெண்ட்டும் எந்தச் சொல்லில் முடிகிறது என்று மட்டும் முதலில் பாருங்கள். ‘சரிபார்க்கவும்’, ‘நீக்கவும்’, ‘மாற்றவும்’, ‘ஆதாரம் தரவும்’ என்று வரிசையாக இருக்கும் என்று நினைக்கிறேன். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் ஒரு சிறிய அலுவலகத்தில் அறிக்கைகளைப் படித்துத் திருத்துவது என் வேலை. ‘-வும்’ போட்டால் மரியாதை என்று நம்பியிருந்தேன். நீ என்றும் வராது, நீங்கள் என்றும் வராது, யாருக்கும் மனம் நோகாது என்று கணக்கு.

ஆனால் அந்த வடிவம் நம் கண்ணில் எங்கெல்லாம் படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ‘செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்’, ‘வரிசையில் நிற்கவும்’, ‘ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்’. அறிவிப்புப் பலகையும் மெமோவும் பேசும் தமிழ் அது. பக்கத்து மேசைத் தம்பியிடம் டீ குடிக்கும்போது யாரும் ‘அந்த வரியை மாற்றவும்’ என்று சொல்வதில்லை. ‘அந்த வரியை மாத்திடலாமா?’ என்போம். எழுத்தில் குரல் கிடையாது, முகம் கிடையாது. தமிழில் குரலின் வேலையை எடுத்துக்கொள்வது வினைச்சொல்லின் கடைசி அசைதான். அதனால் நாற்பது ‘-வும்’ ஒரே பக்கத்தில் வந்தால் நாற்பது மெமோ வந்த மாதிரி இருக்கும்.

அதைவிடக் கூர்மையானவை சில ஒட்டுச் சொற்கள். ‘இங்கே ஆண்டைச் சேர்க்கலாமா?’ என்பது கேள்வி. ‘இங்கே ஆண்டைச் சேர்த்திருக்கலாமே’ என்பது குறை. இரண்டும் கேட்பது ஒரே ஆண்டைத்தான். ‘பெயரைக்கூடச் சரியாகப் போடவில்லை’ என்பதில் அந்த ‘கூட’, ‘தலைப்பையாவது பார்த்திருக்கலாம்’ என்பதில் அந்த ‘ஆவது’, ‘போன முறையே சொன்னேன்தானே’ என்பதில் அந்த ‘தானே’. இவற்றை எடுத்துவிட்டால் சொல்லும் விஷயத்தில் ஒரு குறையும் வராது. குத்தல் மட்டும் போய்விடும். கமெண்ட்டை அனுப்பும் முன் இந்த ஏ, கூட, ஆவது, தானே நான்கையும் தேடி எடுப்பது என் பழக்கம். அரை நிமிட வேலை.

‘ஏன்?’ என்ற ஒற்றைச் சொல் கமெண்ட்டும் அப்படித்தான். எழுதுகிறவருக்கு அது ஆர்வமான கேள்வி, படிக்கிறவருக்கு விசாரணை. ‘இந்த மூன்று வார்டுகளை மட்டும் எடுத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை, ஒரு வரி சேர்த்தால் புரியும்’ என்று நீட்டினால் கேள்வி எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

அப்புறம் நாம், நாங்கள். இந்த வேறுபாடு நம்மிடம் இருப்பது பெரிய வசதி. ‘இதை நாங்கள் இப்படி எழுதுவதில்லை’ என்றால் அவன் வெளியே நிற்கிறான். ‘நாம் வழக்கமாக லிட்டரில் போடுகிறோம்’ என்றால் உள்ளே வந்துவிடுகிறான். ஆனால் பொய்யான ‘நாம்’ வேண்டாம். வேலை முழுக்க அவனுடையதாக இருக்கும்போது ‘நாம் இந்தப் பட்டியலைத் திரும்ப எடுக்க வேண்டும்’ என்று எழுதினால், யார் எடுக்கப் போகிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அந்த இடத்தில் ‘இந்தப் பட்டியலை ஒருமுறை திரும்ப எடுக்க முடியுமா? பழைய ரசீதுக் கட்டு என்னிடம் இருக்கிறது, தருகிறேன்’ என்பது நேர்மையானது.

சொல்லைத் திருத்துவது பாதி வேலைதான். எதைத் திருத்தமாகப் போடுவது, எதைக் கமெண்ட்டாகக் கேட்பது, எதை ஆவணத்தில் எழுதவே கூடாது என்று பிரிப்பது மறு பாதி. என் கையில் வந்த ஒரு பத்தியை வைத்துச் சொல்கிறேன். கோடைக் குடிநீர்ப் பற்றாக்குறை பற்றிய அறிக்கை. சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கோவை எல்லையை ஒட்டிய வார்டுகளில் ஒரு தம்பி வீடுவீடாகப் போய் எடுத்தது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவன். நம் பக்கம் பாதிப் பேர் அப்படித்தானே. அவன் எழுதியது இது:

“மார்ச் மாதம் முதல் மூன்று வார்டுகளில் குழாயில் வெள்ளம் வரவில்லை. டேங்கர் லாரி வாரத்துக்கு இரண்டு முறை வருகிறது. ஒரு முறைக்கு ஒரு வீட்டுக்கு 10 குடம் கொடுக்கிறார்கள். இது ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 34 லிட்டர் ஆகும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி தண்ணீர் கிடைத்தால் இந்தப் பிரச்சினை வராது.”

முதல் வரியில் ‘வெள்ளம்’. மலையாளத்தில் அது தண்ணீர், தமிழில் அது பெருக்கு. அறிக்கை கோயம்புத்தூருக்குப் போக வேண்டியது. அங்கே இருப்பவர் குழாயில் வெள்ளம் வரவில்லை என்று படித்தால் ஒரு நொடி நிற்பார். இந்த இடத்தில் கை முதலில் எழுதத் துடிப்பது ‘இது தமிழ் இல்லை’ என்பதுதான். எல்லையோரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிட வலிக்கும் ஒரு வாக்கியம் கிடையாது. பாலக்காட்டுக்குப் போனால் அவன் மலையாளத்தில் தமிழ் வாடை, கோவைக்குப் போனால் தமிழில் மலையாள வாடை என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டிருப்பான். நான் எழுதியது: ‘கோவையில் படிக்கிறவர் இதை மழை வெள்ளம் என்று எடுத்துக்கொள்வார். இங்கே தண்ணீர் என்று போடலாமா? நான்காம் பக்கத்தில் அந்தப் பாட்டி சொன்னதில் வருகிற வெள்ளம் அப்படியே இருக்கட்டும், அது அவர் வாய்ச்சொல்.’

இதில் நான் கவனித்தது ஒன்றுதான். பிழை அவனிடம் இருக்கிறது என்று சொல்லவில்லை. வரியைப் படிக்கிற மூன்றாவது ஆளுக்கு என்ன ஆகும் என்று சொன்னேன். அந்தக் கோவைக்காரர் இருவருக்கும் பொதுவானவர், அவருக்காக இருவரும் சேர்ந்து யோசிக்கலாம். எந்தக் கமெண்ட்டையும் ‘நீங்கள் இப்படி எழுதியிருக்கிறீர்கள்’ என்று தொடங்காமல் ‘இந்த வரியைப் படிக்கிறவர்’ என்று தொடங்கிப் பாருங்கள். முழு வாக்கியமும் தானாகவே வேறு மாதிரி அமையும்.

இனி அந்த 34. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பெரிய தவறு செய்யப் போன இடம் இது. ஒரு குடம் 15 லிட்டர் என்று நானே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 10 குடம், 15 லிட்டர், வாரத்துக்கு இரண்டு முறை, மொத்தம் 300 லிட்டர். ஏழால் வகுத்தால் 43. அவன் போட்டிருப்பது 34. இரண்டு இலக்கமும் இடம் மாறிவிட்டது, தட்டச்சுப் பிழை, வேறென்ன என்று `Suggesting` முறையில் 34ஐ அடித்து 43 என்று போட்டுவிட்டேன். அடுத்த வரிக்குப் போகும்போதுதான் உறைத்தது, இந்த 43 ஒரு வீட்டுக்கு. அவன் ஆளுக்கு என்று எழுதியிருக்கிறான். அப்படியானால் நான் அவன் கணக்கைப் புரிந்துகொள்ளவே இல்லை. திருத்தத்தை உடனே எடுத்துவிட்டுக் கமெண்ட் எழுதினேன்:

‘10 குடம் × 15 லிட்டர் × 2 முறை = 300. 7 நாளுக்குப் பிரித்தால் 43 வருகிறது, அதுவும் ஒரு வீட்டுக்கு. 34 எப்படி வந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. குடத்தின் அளவை நான் தப்பாக எடுத்துக்கொண்டேனா?’

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ‘அக்கா, அங்கே எல்லாரும் வைத்திருப்பது சின்னக் குடம். 12 லிட்டர்தான் பிடிக்கும், நான் அளந்து பார்த்தேன். ஆனால் ஆளுக்கு என்று போட்டது என் தப்பு, வீட்டுக்கு என்று இருக்க வேண்டும்.’

12 லிட்டர் என்றால் வாரத்துக்கு 240, நாளுக்கு 34. எண் சரி, அதன் பக்கத்தில் நின்ற சொல்தான் தவறு. நான் போட்ட 43 திருத்தம் அங்கேயே இருந்திருந்தால் அவன் ‘அக்கா போட்டால் சரியாகத்தான் இருக்கும்’ என்று ஒரு சொடுக்கில் ஏற்றுக்கொண்டிருப்பான். சரியான எண் போய், தவறான எண் வந்து, உண்மையான பிழை அப்படியே அறிக்கையில் நின்றிருக்கும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு எட்டரை லிட்டர்தான் கிடைக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர். 55க்கு 34 என்றால் படிக்கிறவர் ‘பரவாயில்லையே’ என்று கடந்துபோவார். 55க்கு எட்டரை என்றால் நிற்பார். அந்த அறிக்கையின் உயிரே அந்த இடத்தில் இருந்தது.

அதனால் எண், பெயர், இடம், தேதி, மக்கள் சொன்ன சொல் ஆகியவற்றை நான் திருத்தமாகப் போடுவதே இல்லை. களத்துக்குப் போனவர் அவர், நான் மேசையில் இருக்கிறேன். என் கணக்கை முழுக்க வரிசையாக எழுதிக் கேள்வியாக வைப்பேன். வரிசையாக எழுதினால் எந்தப் படியில் இருவரும் பிரிகிறோம் என்று அவரால் விரல் வைத்துக் காட்ட முடியும். ‘கணக்கு தவறு, சரிபார்க்கவும்’ என்று எழுதியிருந்தால் அவனுக்கு எதைச் சரிபார்ப்பது என்றே தெரிந்திருக்காது. தெரியாத இடத்தில் மனிதர்கள் கேட்க மாட்டார்கள், பயந்து எதையாவது மாற்றுவார்கள்.

கடைசி வரி வேறு வகை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில், தமிழ்நாடு மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்குத் தர வேண்டும் என்று இருக்கிறது. அது சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கான தண்ணீர். அவன் பார்த்த வார்டுகளின் குழாய்க்கு வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். இரண்டுக்கும் தொடர்பு உண்டா, கால்வாயில் தண்ணீர் ஓடினால் அங்கே நிலத்தடி நீர் ஏறுமா என்பதெல்லாம் நல்ல கேள்விகள். ஆனால் இதைக் கமெண்ட் பெட்டியில் எழுதத் தொடங்கினேன், ஐந்தாறு வரி போனது. எழுத எழுத நான் பாடம் எடுப்பது போல ஆகிவிட்டது. அதோடு இரண்டு மாநிலத்து அரசியலும் சேர்ந்த விஷயம் இது. எங்கள் இயக்குநர், கணக்கர், கோவை நண்பர்கள் இருவர் என்று ஆவணத்தைத் திறக்கக்கூடியவர்கள் ஆறு பேர். அத்தனை பேர் முன்னால் ஒரு இளையவனின் முடிவுரையை உடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எழுதியதை அழித்துவிட்டு, ‘இந்த வரி பற்றிப் பேச வேண்டும், நாளைக் காலை பத்து மணிக்குக் கூப்பிடட்டுமா?’ என்று மட்டும் போட்டேன். பேசியபோது தெரிந்தது, அந்த வாக்கியத்தை அவனிடம் சொன்னது ஒரு விவசாயி. அவன் அதைத் தன் முடிவாக எழுதிவிட்டான். ‘விவசாயிகள் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று மாற்றினால் போதுமானதாக இருந்தது.

மூன்று வரிக்கு மேல் போகிற கமெண்ட் எதுவும் பேச வேண்டிய விஷயம் என்பது என் அனுபவம். பேசிய பிறகு, பேசி முடிவானதை ஒரு வரியில் அதே கமெண்ட்டின் கீழ் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு அந்தக் கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும்.

இப்போது திருத்தங்களுக்கு வருவோம். தமிழில் திருத்துகிறவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு, ஒற்று. ஐந்து பக்க அறிக்கையில் முப்பது இடத்திலாவது க், ச், த், ப் விட்டுப்போயிருக்கும். ஒவ்வொன்றையும் `Suggesting` முறையில் போட்டால் பக்க ஓரத்தில் முப்பது பெட்டி வரும். உள்ளே இருக்கிற இரண்டு முக்கியமான கேள்விகள் அதில் புதைந்துபோகும். உங்கள் நாற்பதிலும் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. எழுதியவருக்குத் தெரிவது எண்ணிக்கைதான். நாற்பது என்றால் நாற்பது தப்பு.

நான் செய்வது இப்படி. முதலில் அவரிடமே கேட்டுக்கொள்வேன்: ‘ஒற்று, எழுத்துப்பிழை மட்டும் நேராகத் திருத்திவிடட்டுமா?’ சரி என்றால், `File` > `Version history` > `Name current version` போய் அப்போதைய நிலைக்கு ‘ஒற்றுக்கு முன்’ என்று பெயர் வைப்பேன். பிறகு `Editing` முறையிலேயே திருத்துவேன். முடித்ததும் முதல் பக்கத்தின் மேலே ஒரே ஒரு கமெண்ட்: ‘ஒற்றும் எழுத்துப்பிழையும் மட்டும் நேராகத் திருத்தியிருக்கிறேன். வாக்கியம் எதையும் தொடவில்லை. பழையது ஒற்றுக்கு முன் என்ற பெயரில் இருக்கிறது.’ அந்தச் சொல்லை நீங்கள் காப்பாற்ற வேண்டும். நடுவில் ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சீவிவிட்டு, அதை அவர் பிறகு கண்டுபிடித்தால், இனி நீங்கள் கை வைத்த எந்தப் பக்கத்தையும் அவர் நம்ப மாட்டார். அனுமதி கேட்காமல் இதைச் செய்யவே கூடாது. பலர் கையெழுத்திடும் ஒப்பந்தம், தீர்மானம் மாதிரி ஆவணங்களில் அனுமதி கிடைத்தாலும் செய்யக்கூடாது. அங்கே ஒவ்வொரு மாற்றமும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தே ஆக வேண்டும்.

வேர்டில் வேலை செய்தால், முதலில் கோப்பின் ஒரு நகலை எடுத்துவைத்துவிட்டு, `Track Changes` போடாமல் ஒற்றுகளைத் திருத்தினால் போதும். யாருக்காவது சந்தேகம் வந்தால் `Compare` போட்டு இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

திருத்தமாகப் போடும் இடங்களில் முழுச் சொல்லை அடித்து முழுச் சொல்லை எழுதுங்கள். ‘கொடுத்தார்’ என்பதைக் ‘கொடுத்தனர்’ ஆக்க, கால் எழுத்தை மட்டும் அடித்து ‘ன’ வைத்தால், அடிபட்ட கால் தனியாகவும் புதிய எழுத்து தனியாகவும் நிற்கும். சில திரைகளில் புள்ளி வட்டம் வேறு வரும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை மாற்றினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், நம் எழுத்தில் அப்படி இல்லை. எழுதியவர் என்ன மாறியது என்று புரியாமலே ஏற்றுக்கொள்வார்.

ஒரு வாக்கியத்தை முழுதாக மாற்றி எழுதத் தோன்றினால் திருத்த முறையில் எழுதாதீர்கள். அவருடைய வாக்கியம் முழுக்கக் கோடு விழுந்து, உங்கள் வாக்கியம் நிறத்தோடு மேலே நிற்கும். அதைப் பார்க்கிறவருக்கு இரண்டே வழிதான், ஏற்பது அல்லது மறுப்பது. பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள், கொஞ்சம் கொஞ்சமாக அறிக்கை உங்கள் குரலுக்கு மாறிவிடும். கமெண்ட்டில் ‘இந்த வரியில் லாரி வருவதும் குடம் கொடுப்பதும் ஒன்றாகக் கலந்துவிட்டது, பிரித்தால் தெளிவாகும். உதாரணத்துக்கு:’ என்று எழுதி உங்கள் வடிவத்தைக் கீழே வையுங்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒன்று எழுதுவார். அது பெரும்பாலும் இரண்டையும்விட நன்றாக இருக்கும்.

நீங்கள் போட்ட திருத்தத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளும் வசதி `Editor` அனுமதி உள்ள யாருக்கும் உண்டு. தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் ‘எனக்கு `Commenter` அனுமதி மட்டும் கொடு தம்பி’ என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது நீங்கள் என்ன தட்டினாலும் திருத்தமாகத்தான் பதியும், முடிவு அவன் கையில் இருக்கும். அவன் பதில் சொல்லும் முன் `Resolve` அழுத்தி மூடுவதும் வேண்டாம். பேச்சை நடுவில் வெட்டின மாதிரி அது.

இன்னொன்று, இவையெல்லாம் அவன் கைப்பேசிக்கு மின்னஞ்சலாகப் போகின்றன. வேலந்தாவளத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பக்கம் கண்ணில் இல்லாமல், உங்கள் ஒரு வரியை மட்டும் படிப்பான். ‘இங்கேயும் அதே’ என்று எழுதியிருந்தால் அவனுக்கு என்ன புரியும்? ஒவ்வொரு கமெண்ட்டும் தனியாக நின்று அர்த்தம் தர வேண்டும். கோபமாக எழுதி, பிறகு மனம் மாறி ஆவணத்தில் திருத்தினாலும், முன்பே போய்ச் சேர்ந்த மின்னஞ்சலில் பழைய சொல்லை அவன் படித்திருக்கக்கூடும். இரவு பத்து மணிக்கு மேல் நான் கமெண்ட் போடுவதில்லை. ஒரு தாளில் எழுதிவைத்துக் காலையில் போடுவேன். அதில் மூன்றில் ஒன்று காலையில் தேவையில்லாமல் போகும்.

பாராட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு அப்புறம் குறையைச் சொல்’ என்று உங்களிடம் பலர் சொல்வார்கள். ‘நன்று. ஆனால்...’ என்று வந்தால் படிக்கிறவர் ‘ஆனால்’ வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்வார், முன்னால் இருந்ததை மறந்துவிடுவார். எதனால் நன்று என்று குறிப்பாகச் சொன்னால் அது நிற்கும். அந்த அறிக்கையின் மேலே நான் எழுதியது: ‘குடத்தை எண்ணிக் கணக்கு எடுத்ததுதான் இந்த அறிக்கையின் பலம். அதனால் அந்த எண்ணை இரண்டு முறை பார்த்தேன், ஒரு கேள்வி இருக்கிறது. மொத்தம் ஐந்து கமெண்ட், பதில் வேண்டியது இரண்டுக்குத்தான்.’ திறந்தவுடன் எவ்வளவு வேலை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

எப்படி அழைப்பது என்பதில் ஒரு சிறு விஷயம். வாய்ப்பேச்சில் நீங்கள் அவனை நீ, வா, போ என்று சொல்லலாம், அதில் அன்பு இருக்கிறது. ஆவணத்தில் இயக்குநரும் படிக்கிறார் என்பதால் அங்கே ‘நீங்கள்’ போடுங்கள், அல்லது ‘தம்பி’ என்று அழைத்துவிட்டு ‘போடலாமா’, ‘இருக்கட்டுமா’ என்று முடியுங்கள். நீ, நீங்கள் என்ற கேள்வியே எழாது. பெரியவர்களின் ஆவணத்தில் நீங்கள் எழுதும்போதும் இதே முடிவுகள் உதவும். ‘சார், இந்த ஆண்டு போன அறிக்கையில் வேறாக இருந்தது, எது சரி என்று சொல்ல முடியுமா?’ என்பதில் குறைவும் இல்லை, கூழைக் கும்பிடும் இல்லை.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்? ஏற்றுக்கொள்ளும் வேகத்தைப் பாருங்கள். இரவு அனுப்பிய இருபது திருத்தமும் காலையில் இரண்டே நிமிடத்தில், ஒரு பதிலும் இல்லாமல் ஏற்கப்பட்டிருந்தால் அவன் படிக்கவில்லை, சலித்துவிட்டான். எல்லாக் கமெண்ட்டுக்கும் ‘சரிக்கா’ என்று மட்டும் பதில் வந்தாலும் அதேதான். பகிரும் ஆவணத்துக்குப் பதில் பிடிஎஃப் அனுப்பத் தொடங்கினால் கதவைச் சாத்திக்கொண்டான் என்று அர்த்தம். உங்கள் தம்பி அதற்கு அடுத்த படிக்கும் போய்விட்டான். நல்ல அடையாளம் மறுப்பு. உங்கள் திருத்தம் ஒன்றை நிராகரித்து ‘இல்லைக்கா, இது இப்படியே இருக்கட்டும், காரணம் இது’ என்று அவன் எழுதுகிற நாள்.

அந்தத் தம்பியிடம் இதைக் கமெண்ட்டில் பேச வேண்டாம். நேரில் போய், ‘போன அறிக்கையில் ஒற்றையும் கேள்வியையும் ஒன்றாகக் கொட்டிவிட்டேன், எனக்கு உண்மையில் கேட்க இருந்தது இரண்டுதான்’ என்று சொல்லி அந்த இரண்டையும் கேளுங்கள். பிறகு நீங்கள் எழுதுகிற ஏதாவது ஒன்றை, இன்னும் முடியாத நிலையிலேயே, அவனுக்குப் பகிர்ந்து இரண்டு இடத்தைக் குறிப்பாகக் காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வார்டு பெயர்களோ குடும்ப எண்ணிக்கையோ, உங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்த இடமாக இருக்கட்டும். அவன் போடுகிற முதல் கமெண்ட்டுக்கு அன்றே பதில் எழுதுங்கள்.